எட்டுப் பேரும் 544 கிலோவும்



நேற்று மாலை தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடை லிப்டில் நின்றிருந்தேன். ‘8 நபர், 544 கிலோ’ என்று உள்ளே எழுதியிருந்தது. ஆளுக்கு 68 கிலோ என்பது நம் நாட்டு லிப்டுக் கணக்கு. எட்டாவதாக ஒரு பாட்டி புடவைப் பையோடு காலை வைத்ததும் மணி அடித்தது. எல்லோரும் அவரையே பார்க்க, அவர் கூசிப்போய் இறங்கிக்கொண்டார். அந்த மணி எத்தனை முறைக்கு ஒரு முறை அடிக்கும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

வருகிறவர்களின் சராசரி எடை 62 கிலோ, திட்ட விலக்கம் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரின் கூடுதலுக்குச் சராசரி 496 கிலோ. விலக்கத்தையும் எட்டால் பெருக்கி 96 என்று எழுதுவதுதான் தேர்வுத் தாள்களில் நான் அதிகம் காணும் பிழை. ஒரே ஆளை எட்டு முறை நிறுத்தினால்தான் அது சரி. எட்டு வேறு வேறு ஆட்கள் என்றால் ஒருவரின் கனத்தை இன்னொருவரின் மெலிவு ஓரளவு ஈடுகட்டிவிடும். அப்போது கூட்ட வேண்டியது பரவற்படியை: எட்டு முறை 144, அதாவது 1152. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 34. தனி எடைகள் எப்படிப் பரவியிருந்தாலும் அவற்றின் கூடுதல் இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்கிறது மைய எல்லைத் தேற்றம். எல்லைக்கு இன்னும் 48 கிலோ இருக்கிறது, அது 1.41 விலக்கம். எனவே லிப்டில் எட்டுப் பேர் ஏறும் 100 தடவைகளில் சுமார் 8 தடவை மணி அடிக்கும். 96 என்று எழுதிய மாணவருக்கோ 31 வரும்.

ஆனால் தி. நகர் லிப்டில் ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்களா? மேலே போகும்போது எட்டுப் பேரும் கைவீசிப் போகிறார்கள். இறங்கும்போது எட்டுப் பேர் கையிலும் பை. கனம் சேர்ந்தே கூடுகிறது, சேர்ந்தே குறைகிறது. இப்படி எந்த இருவருக்கும் இடையே 0.2 ஒட்டுறவு இருந்தாலே, சராசரி மாறாமலே, பரவற்படி 2.4 மடங்காகிவிடும். விலக்கம் 53 கிலோ ஆகும். மணி 100-க்கு 18 தடவை அடிக்கும். எட்டுப் பேர் நிறைந்த தடவைகளை ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, மணி எதிர்பார்த்ததைவிட அதிகம் அடித்தால், சராசரியைச் சந்தேகிப்பதோடு சார்பின்மையையும் சந்தேகியுங்கள். மேலேறும் தடவைகளையும் கீழிறங்கும் தடவைகளையும் தனித்தனியே எண்ணினால் காரணம் பிடிபட்டுவிடும்.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கூடுதலுக்கு விடை சொல்லுமுன், கூட்டப்பட்டவை ஒன்றையொன்று சார்ந்தவையா என்று சொல்லுங்கள். அந்தப் பாட்டியிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறேன்: அம்மா, மணி அடித்தது எட்டுப் பேரின் கூடுதலுக்கு, கடைசியாக ஏறியவருக்கு அல்ல.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.