மனுவில் கறுக்க வேண்டிய ஒரு வரி



திருவண்ணாமலைக்குப் பேச வருகிறவர்கள் முதலில் கார்த்திகை தீபத்தை ஓர் உவமைக்கு இழுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். இன்றைய தலைப்புக்கும் அது வசமாகத்தான் இருக்கும். ஆனாலும் தீபத்தை மலைமேலேயே விட்டுவிட்டு நாம் கீழே வேங்கிக்காலில் இருப்போம். இங்கே ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை என்றால் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். செங்கத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் பஸ் ஏறி, கையில் ஒரு மனுவோடு வருகிறார்கள். அந்த மனுவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கோரிக்கையைப் பற்றி அல்ல, அதை அச்சடிக்கும் விதத்தைப் பற்றி.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். ஒரு தாளை எடுத்ததும் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். எங்கே கறுத்திருக்கிறது என்று பார்ப்பேன். படிக்கிற எல்லாருடைய கண்ணும் அப்படித்தான் போகும், அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு மனுவை வைத்துக்கொள்வோம். பெயரும் எண்ணும் நான் இட்டுக்கட்டியவை, ஆனால் இந்த மாதிரி மனுவை நீங்கள் அத்தனை பேரும் பார்த்திருப்பீர்கள். ஓர் அம்மா. கணவர் வாங்கிய 22 சென்ட் நிலம், புல எண் 113/6. பத்திரம் இருக்கிறது. பட்டாவோ கூட்டுப் பட்டாவாக நிற்கிறது. கணவர் இறந்துபோனார். உட்பிரிவுக்கு விண்ணப்பித்துப் பல மாதம் ஆகிறது, சர்வேயர் இன்னும் நிலத்துப் பக்கம் வரவில்லை. அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: நிலத்தை அளக்க வேண்டும், அவர் பெயரில் தனிப்பட்டா வர வேண்டும்.

இதை ஒரு கடையில் அடிக்கிறார்கள். தாளின் தலையில் ‘மோஸ்ட் அர்ஜென்ட்’ என்று ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்து, சுற்றிலும் கட்டம். ‘அனுப்புநர்’ போல்டு. ‘பெறுநர்’ போல்டு, கூடவே அண்டர்லைன். பொருள் என்ற இடத்தில் ‘கருணை மனு சமர்ப்பித்தல் தொடர்பாக’ என்று போல்டு. முதல் பத்தியில் ‘கணவரை இழந்த ஆதரவற்ற விதவை’ போல்டு. அடுத்த பத்தியில் ‘பலமுறை அலைந்தும்’, ‘மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி’, ‘வேறு போக்கிடம் இல்லை’ எல்லாம் போல்டு. புல எண் போல்டு, பத்திர எண் போல்டு, ஆதார் எண்ணும் போல்டு. கடைசியில், ஒன்பது வரி நீளும் ஒரே வாக்கியத்தின் நடுவில், சாதாரண எழுத்தில், ‘மேற்படி நிலத்தை அளவீடு செய்து உட்பிரிவு செய்து’ என்று வருகிறது. அப்புறம் அந்த அம்மாவின் மருமகன் ஹைலைட்டர் வாங்கி வந்து, விட்டுப்போன இடத்திலெல்லாம் மஞ்சள் பூசுகிறார்.

இப்போது அந்த மனுவை வாங்கிப் பிரிக்கிற ஊழியரின் இடத்தில் உட்காருங்கள். முன்னால் வரிசை நிற்கிறது. இது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று அவர் தீர்மானிக்க வேண்டும். கறுத்திருக்கும் சொற்களில் கண் ஓடுகிறது: கருணை மனு, விதவை, ஆதரவற்ற, போக்கிடம் இல்லை. அவர் கண்ணுக்கு அது உதவித்தொகை மனுவாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? சர்வேயரிடம் போக வேண்டிய தாள் ஓய்வூதியம் பார்க்கும் மேசைக்குப் போகிறது. அங்கிருந்து, தங்களுக்கு ஏற்கெனவே உதவித்தொகை வழங்கப்பட்டு வருகிறது என்று ஒரு பதில் வருகிறது. அந்த அம்மா மறுபடியும் பஸ் ஏறுகிறார். தவறு எங்கே நடந்தது? அலுவலகத்திலா? இல்லை, கடையில் ‘பி’ பொத்தானை அழுத்திய விரலில்.

இது ஏன் இப்படி என்று ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய உளவியலாளர். 1933-இல் அவர் எழுதிய ஆய்வை இன்றும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது மனத்தில் நன்றாகத் தங்குகிறது என்று காட்டினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ‘ஒரே மாதிரியான பல’ என்கிற பாதியை. சுற்றியிருப்பது அமைதியாக இருந்தால்தான் அந்த ஒன்று எழும்பும். போல்டுக்கு என்று தனிப் பலம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சாதாரண எழுத்திடம் கடன் வாங்கிய பலம் அது. பாதித் தாளைக் கறுத்துவிட்டால் கடன் கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு சங்கடம் நம் எழுத்துக்கே உரியது. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு. நமக்குக் கிடையாது. ஆகவே அழுத்தம் வேண்டும் என்றால் போல்டு, அளவு, கோடு, நிறம் என்றுதான் போகிறோம். நம் எழுத்திலோ சுழியும் வளைவும் அதிகம். ‘ண’வின் சுழிகளையும் ‘ஐ’காரக் கொம்பையும் எண்ணிப் பாருங்கள். பல தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த போல்டு கிடையாது. பொத்தானை அழுத்தினால் கணினி இருக்கிற எழுத்தையே சுற்றிலும் கொஞ்சம் வீங்க வைத்துக் கொடுக்கும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். திரையில் அழகாகத்தான் இருக்கும். அதை அச்சடித்து, ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் போட்டுக் கோப்பில் சேர்க்கும்போது, சுழி மூடிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்து வளைவோடு ஒட்டிக்கொள்ளும். சொல்லையாவது இடம் பார்த்து ஊகித்துவிடலாம். எண்ணை ஊகிக்க முடியாது. புல எண் 113/6 என்பதைத் தடிக்கத் தடிக்க, மூன்றாவது நகலில் அது 113/8 ஆகிவிடும். எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கறுத்தோமோ, அதுவே அழிகிறது. உண்மையில் எண்ணுக்குப் போல்டே தேவையில்லை. தமிழ்ப் பத்திக்கு நடுவே 113/6 என்று எழுதினாலே அது வேறு சாதி உருவம். கண் தானே போய் நிற்கும்.

ஹைலைட்டருக்கும் இதே கதிதான். மஞ்சள் பூசினால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் பெரும்பாலும் காணாமல் போகும்; பூசிய பலன் அசல் தாளோடு சரி. நீலமோ ரோஜா நிறமோ பூசினால் சாம்பல் பட்டையாக விழுந்து எழுத்தை மறைக்கும்.

பெரிய எழுத்து ஆங்கிலத்தின் பாடு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்வது நியாயம்; கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே தெரிய வேண்டும். ஆனால் வாக்கியம் வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன ஆகும்? 2017 ஜூலை 7, இரவு பன்னிரண்டு மணி நெருங்கும் நேரம், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம். ஏர் கனடா 759 இறங்க வருகிறது. அருகருகே இருந்த இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றை அன்றிரவு மூடி, விளக்கையும் அணைத்திருந்தார்கள். அந்தச் செய்தி விமானிகளிடம் கொடுத்த காகிதக் கட்டில் இருக்கத்தான் செய்தது. 27 பக்கக் கட்டில் எட்டாவது பக்கத்தில். இந்த மாதிரி அறிவிப்புகள் டெலிபிரிண்டர் காலத்து வழக்கப்படி முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், சுருக்கெழுத்துகளோடு வருபவை. பொதுவாகப் புல் வெட்டும் செய்தியும் ஓடுபாதையை மூடும் செய்தியும் ஒரே உருவத்தில்தான் வரும். விமானிகள் மனத்தில் அது தங்கவில்லை. இரண்டு பாதையிலும் விளக்கு எரிகிறது என்று நினைத்து, பக்கத்திலிருந்த டாக்ஸிவேயை ஓடுபாதை என்று எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அங்கே பயணிகளோடு நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன. சுமார் 60 அடி உயரம் வரை தாழ்ந்து, கடைசி நொடியில் மேலே ஏறினார்கள். களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. அதோடு, தகவலைக் கொடுத்த விதம் அதன் முக்கியத்துவத்தை உணர்த்தவில்லை என்றும் சொன்னது. விசாரணை வாரியத்தின் அன்றைய தலைவர் ராபர்ட் சம்வால்ட், யாரும் கவனிக்காத குப்பை என்றே அந்த அறிவிப்புகளைச் சாடினார்.

சரி, நம் அம்மாவின் மனுவுக்கு வருவோம். அதை எப்படி அடித்திருக்கலாம்?

பொருள் என்ற இடத்தில் ‘கருணை மனு’ வேண்டாம். ‘நில அளவை, உட்பிரிவு, தனிப்பட்டா – கோரிக்கை’ என்று போட்டாலே தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது தீர்ந்துவிடும். ஐயா என்று தொடங்கி, முதல் வாக்கியத்திலேயே கேட்பதைக் கேட்டுவிட வேண்டும்: ‘புல எண் 113/6-இல் எனக்குரிய 22 சென்ட் நிலத்தை அளந்து, உட்பிரிவு செய்து, என் பெயரில் தனிப்பட்டா வழங்க வேண்டுகிறேன்.’ மேலும் கீழும் ஒரு வரி இடம் விட்டு, இந்த ஒன்றை மட்டும் போல்டு செய்யுங்கள், எண்ணை மட்டும் சாதாரணமாக விட்டுவிட்டு. பிறகு கணவர் இறந்ததைச் சொல்லலாம், அலைந்ததைச் சொல்லலாம். அதெல்லாம் உண்மை, சொல்ல வேண்டியதுதான். சாதாரண எழுத்தில், தேதியோடு சொன்னால் போதும். ‘பலமுறை அலைந்தேன்’ என்று கறுப்பதைவிட, விண்ணப்பித்த தேதியும் ஒப்புகை எண்ணும் ஒரு தனி வரியில் நின்றால் அது அதிகம் பேசும்.

‘ஐயா, எங்களுக்கு மூன்று கோரிக்கை இருக்கிறதே, மூன்றையும் கறுக்க வேண்டாமா’ என்று கேட்பீர்கள். பட்டா, தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை மூன்றும் ஒரே தாளில் இருந்தால், பிரச்சினை போல்டில் இல்லை. அது மூன்று மனு. மூன்று மேசைக்குப் போக வேண்டியதை ஒரு தாளில் அடைத்தால் ஏதோ ஒரு மேசையில்தான் தங்கும். எதைக் கறுப்பது என்று முடிவு செய்ய முடியவில்லை என்றால், அநேகமாகத் தாளைப் பிரிக்க வேண்டும் என்று பொருள்.

அடித்து முடித்ததும் பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். தாளில் கறுத்திருக்கும் சொற்களை மட்டும் வரிசையாக வாய்விட்டுப் படியுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ‘அனுப்புநர், பெறுநர், கருணை, விதவை, பலமுறை, போக்கிடம் இல்லை’ என்று வந்தால், மனு என்ன கேட்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ‘நிலத்தை அளந்து தனிப்பட்டா வழங்க வேண்டுகிறேன்’ என்று வந்தால் முடிந்தது வேலை.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரிலும் பக்கத்திலும் மனு அடித்துக் கொடுக்கிற தம்பி தங்கைகள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த திங்கட்கிழமை யாராவது வந்து, ‘எல்லாத்தையும் நல்லா தடிமனா அடிப்பா’ என்று சொன்னால் உடனே பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ‘அம்மா, அந்த ஆபீசர் ஒரே ஒரு வரிதான் படிப்பாருன்னா, அவர் எதைப் படிக்கணும்?’ என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்கிறதை அப்படியே அடித்து, அதை மட்டும் கறுத்துக் கொடுத்தனுப்புங்கள்.