வாரம் ஒரு நாள் மாத்திரை

சில மருந்துப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பல மடிப்பாக மடித்த ஒரு தாள் இருக்கும். பொடி எழுத்து, பெரும்பாலும் ஆங்கிலம். பிரித்துப் படிக்காமலே தூக்கிப் போடுகிறவர்கள் பாதி, படித்துவிட்டு மிரண்டு மருந்தையே நிறுத்துகிறவர்கள் மீதி. இன்று அப்படி ஒரு தாளை எடுத்து, வீட்டில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி அரைப் பக்கமாகச் சுருக்கிப் பார்ப்போம். மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை வைத்துக்கொள்வோம். விரல் மூட்டுகளில் வீக்கம், காலையில் எழுந்தால் கையை மடக்க முடியவில்லை. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதம் என்று சொல்லி, டாக்டர் இந்த மருந்தை எழுதியிருக்கிறார்.

தாளில் முதலில் வருவது, மருந்து எதற்கு என்பது. அங்கே ரத்தப் புற்றுநோய் என்றும் இருக்கும். மகள் அதைப் படித்தால் வீட்டில் அழுகைதான். புற்றுநோய்க்கும் மூட்டுக்கும் சொரியாசிஸ் தோல் நோய்க்கும் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள், அளவுதான் வேறு. ஆகவே நம் அரைப் பக்கத்தின் முதல் வரி: ‘அம்மாவுக்கு இது மூட்டு வீக்கத்துக்கு. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம்.’ இரண்டாவது வாக்கியம் முக்கியம். பத்து நாளில் வலி குறையவில்லையே என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது அளவும் நேரமும். இந்தத் தாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ஆனால் அந்த அம்மா சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தினம் சாப்பிட்டுப் பழகியவர். கடைக்காரர் கொடுக்கும் காகித உறையிலோ காலை, மதியம், இரவு என்றுதான் அச்சடித்திருக்கும். கிழமைக்கு அதில் இடமே இல்லை. வார மாத்திரை தின மாத்திரையாகிவிடுவது இப்படித்தான். ஐரோப்பாவிலும் இந்தத் தவறால் உயிர்கள் போய், 2019இல் அங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, பெட்டியின் மேலேயே எச்சரிக்கை வர வேண்டும் என்று சொன்னது.

ஆகவே கிழமையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘மெத்தோட்ரெக்ஸேட், ஞாயிற்றுக்கிழமை மட்டும், 15 மில்லிகிராம்.’ பக்கத்திலேயே, ‘2.5 மில்லிகிராம் மாத்திரை, ஆறு’ என்றும் எழுதுங்கள். ஏனென்றால் அடுத்த மாதம் கடையில் 10 மில்லிகிராம் அட்டை கொடுத்து, பழைய கணக்கில் ஆறு விழுங்கினால் 60 மில்லிகிராம் ஆகிவிடும். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரை, வயிற்றுப் பிரட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைப்பதற்கு. டாக்டர் அதற்குச் சொன்ன கிழமையையும் தனி வரியில் எழுதுங்கள். இரண்டும் மஞ்சளாக இருந்தால் மாறிப்போகும். ஒரு ஞாயிறு மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் சாப்பிடலாம். அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டியதுதான். சேர்த்து இரட்டிப்பாகச் சாப்பிடவே கூடாது.

எச்சரிக்கைப் பகுதி நீளமானது. அந்த அம்மாவுக்குத் தேவையானதை மட்டும் எடுப்போம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. கடுமையான வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றினால், மருந்து உள்ளே தேங்கும். அப்படிப்பட்ட வாரத்தில் மாத்திரையைப் போடுமுன் டாக்டரிடம் கேட்க வேண்டும். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதனோடு சேரவே கூடாது. வலி மாத்திரையையும் கடையில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது. மது கல்லீரலைக் கெடுக்கும். இதே மருந்தைச் சாப்பிடுவது இளம்பெண்ணாக இருந்தால் முதல் எச்சரிக்கையே வேறு: கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. ரத்தப் பரிசோதனைத் தேதியையும் இங்கேயே எழுதுங்கள். ரத்த அணுக்களும் கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் இந்த மருந்தைத் தொடரக் கூடாது.

பக்க விளைவுகளைத் தாளில் இருக்கிற வரிசையில் எழுதினால் பயம்தான் மிஞ்சும். என்ன செய்ய வேண்டும் என்பதை வைத்துப் பிரியுங்கள். மாத்திரை போட்ட மறுநாள் லேசான குமட்டல், அசதி வந்தால் அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். காய்ச்சல், தொண்டை வலி, வாய் முழுக்கப் புண், காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு முறை காட்டிவிட்டு, மருந்து டப்பாவிலேயே ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரையைத் தினமும் சாப்பிட்டிருப்பது தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு லூக்கோவோரின் என்ற முறிவு மருந்து உண்டு. அது சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாகக் காப்பாற்றும்.