தமிழ்த் தர்ஜமாவில் வசனத்தைத் தேடி எடுப்பது எப்படி?
(சங்கத்தின் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



என் தங்கை மகளின் நிக்காஹ் பத்திரிகையில், குர்ஆன் 30:21 என்று எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். "என்ன வசனம் தம்பி? தமிழில் வாசித்துக் காட்டு" என்றார்கள் உம்மா. நான் தர்ஜமாவை எடுத்து, முப்பதாவது ஜுஸ்உவைத் திறந்து, அங்கே முதலில் இருந்த சூராவின் 21ஆம் வசனத்தை வாசித்தேன். நரகம் காத்திருக்கிறது என்ற எச்சரிக்கை அது! "கல்யாணப் பத்திரிகையிலா இதைப் போடுவார்கள்?" என்று உம்மா திகைத்துவிட்டார்கள்.

தவறு என்னுடையது. முதல் எண் சூராவின் எண். ஜுஸ்உவின் எண் அல்ல. குர்ஆனில் 114 சூராக்கள் உண்டு. ஜுஸ்உ என்பது ஓதுவதற்கு வசதியாக முழுக் குர்ஆனையும் முப்பதாகப் பகுத்தது. பல பதிப்புகளில் பக்கத்தின் மேலே இரண்டும் அச்சாகியிருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. நான் வாசித்தது 78ஆம் சூராவான அந்நபஃ. தேட வேண்டியதோ 30ஆம் சூராவான அர்ரூம். அது இருப்பது 21ஆவது ஜுஸ்உவில்.

ஆகவே முதலில் பொருளடக்கத்தைப் பாருங்கள். 30 என்ற எண்ணுக்கு நேரே அர்ரூம் என்ற பெயரும் பக்கமும் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து 21ஆம் வசனம் வரை புரட்டுங்கள்.

இங்கே இன்னொரு இடறல் உண்டு. அரபு முஸ்ஹஃபில் வசன எண் வசனத்தின் முடிவில், வட்டத்துக்குள் இருக்கும். தமிழிலோ பெரும்பாலும் வசனத்தின் தொடக்கத்தில் இருக்கும். அரபுப் பழக்கத்தில் எண்ணுக்கு முன்னால் உள்ளதைத் தமிழில் வாசித்தால் 20ஆம் வசனம் வந்துவிடும். தமிழ்ப் பழக்கத்தில் அரபு எண்ணுக்குப் பின்னால் உள்ளதை ஓதினால் 22ஆம் வசனம் வந்துவிடும். அர்ரூமில் இது எளிதில் தெரியாது. ஏனென்றால் 20 முதல் 25 வரை ஆறு வசனங்களும் இறைவனின் அத்தாட்சிகளைச் சொல்லி ஒரே மாதிரி தொடங்குகின்றன.

அதனால் வசனத்தை முழுவதும் வாசித்துக் கருத்தைப் பாருங்கள். மனிதன் மண்ணிலிருந்து படைக்கப்பட்டதைச் சொன்னால் அது 20. மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதைச் சொன்னால் அது 22. துணையிடம் அமைதி பெறுவதையும், இருவருக்கும் இடையே அன்பும் கருணையும் வைக்கப்பட்டதையும் சொன்னால் அதுதான் 21. அன்று இரவு அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் உம்மாவின் முகம் மலர்ந்தது.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் 2:255ஐத் தேடச் சொல்லுங்கள். அது ஆயத்துல் குர்ஸி. இரண்டாவது சூராவில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தின் மேலே மூன்றாவது ஜுஸ்உ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளை தடுமாறாவிட்டால், முறை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.