விகுதி சொல்லும் செய்தி



வேலூர் மறைமாவட்டம் 1952இல் அமைந்தபோது, அதன் கோயில்களில் பூசை இலத்தீனிலேயே நடந்தது. பொருளறியாமல் அவ்வொலியைக் கேட்டு ஆம்பூரில் வளர்ந்தவருள் நானும் ஒருவன். பின்னர் அதன் இலக்கணம் பயின்றபோது, அம்மொழி தமிழுக்கு அத்துணை அயலன்று எனக் கண்டேன்.

'நடந்தேன்' என்னும் சொல்லில் தகரம் இறந்தகாலத்தையும், 'ஏன்' தன்மை ஒருமையையும் உணர்த்துகின்றன. அதுபோலவே 'லவுதாபாமுஸ்' என்பதில் 'லவுதா' புகழ்தல், 'பா' முன்பு தொடர்ந்து நிகழ்ந்தது, 'முஸ்' நாம். புகழ்ந்துகொண்டிருந்தோம் என்பது பொருள். இறுதி ஸகரத்தை ரகரமாக்கி 'லவுதாபாமுர்' என்றால் செயப்பாட்டுவினை, நாம் புகழப்பட்டுக்கொண்டிருந்தோம். நமக்குப் 'படு' என்னும் துணைவினை வேண்டும். அங்கே ஓரெழுத்தே போதும்.

ஆயினும் விகுதியை மட்டும் நம்பி நான் இடறியதுண்டு. 'லவுதெத்', 'மித்தெத்' இரண்டும் 'எத்' என முடிகின்றன. முன்னது 'புகழ்வானாக', பின்னதோ 'அனுப்புவான்' என்னும் எதிர்காலம். இதனை எவ்வாறு அறிவது? அகராதி ஒவ்வொரு வினைக்கும் நான்கு தலைவடிவங்கள் தரும்: மித்தோ, மித்தெரே, மீஸி, மிஸ்ஸும். இரண்டாவதை நோக்குக. 'லவுதாரே' என்பதுபோல 'ஆரே' என முடியும் வினைக்கு 'எத்' விழைவு காட்டும். குறில் எகரத்தோடு 'எரே' என முடியும் வினைக்கு எதிர்காலம் காட்டும். மீஸி, மிஸ்ஸும் என்பவற்றை மனப்பாடமே செய்ய வேண்டும். பூசையைக் குறிக்கும் 'மிஸ்ஸா' என்ற சொல் அந்நான்காம் வடிவத்தின் வழிவந்ததே. சிறுவயதில் கேட்ட ஒலிக்கு அன்றுதான் பொருள் கண்டேன்.