தேமலை மறைக்கும் பில்டர்

தோல் வைத்தியரைப் பார்க்க நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். ஆகவே கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்று கண்டால், முதலில் போனில் படம் எடுத்து வைத்தியருக்கு அனுப்பத்தான் தோன்றும். ஆனால் அந்தப் படம் உண்மையைக் காட்டுமா?

தேமல் என்றால் நிறம் வெளிறுவதோடு, மேலே மாப்போல மெல்லிய செதிலும் இருக்கும். ஃப்ளாஷ் வெளிச்சம் நேராக விழுந்தால் நிழல் இல்லாமல் அந்தச் செதில் மறைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தெரியும்; ஆனால் அதே வெளிச்சம் சாதாரண மயிர்த்துளையையும் குழியாகக் காட்டும். ஆகவே இரண்டு விதமாகவும் எடுங்கள். நிறத்துக்கு, முகத்தருகே ஒரு வெள்ளைத்தாள் பிடியுங்கள். நீலத் தறப்பாளின் கீழ் தாளே நீலமாகத் தெரிந்தால், அந்தப் படத்தின் தோல்நிறத்தை நம்பமுடியாது.

அடுத்தது பில்டர். பல போன்களின் செல்ஃபி கமராவில் அது நாங்கள் கேளாமலே வேலை செய்யும், பொல்லாதது! புருவமயிர் கூர்மையாகவும் கன்னம் மெழுகாகவும் இருந்தால், செதிலையும் அதுதான் அழித்திருக்கும். பின்பக்கக் கமராவால் எடுங்கள்.

ஒன்று எந்தப் படத்திலும் வராது. திட்டில் தொடுகை உணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குப் படகேறித்தான் ஆகவேண்டும்.