சமுகமளித்த வகுப்பொன்றின் விலை



கனகராயன்குளத்திலே, ஏ9 வீதியின் ஓரமாகச் சனிக்கிழமை விடியற்காலையில் நின்று பார்ப்பவர்கள், புத்தகப்பையும் தண்ணீர்ப் போத்தலுமாக வவுனியாப் பக்கம் போகும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் காணலாம். கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு முதல் பள்ளிக் கல்வி இந்த நாட்டிலே இலவசமாயிற்று. ஆயினும் பள்ளிக்கு வெளியே ரியூசன் என்னும் பெயரால் நடைபெறும் கல்விக்கு ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் பணம் எண்ணிக் கொடுத்து வருகின்றது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்துகின்ற வீட்டு வருமான செலவின ஆய்வு, ரியூசனுக்காக ஒரு குடும்பம் எவ்வளவு செலவிட்டது என்று கேட்கிறது. கொடுத்த பணத்துக்குப் பிள்ளை எத்தனை வகுப்பில் உட்கார்ந்திருந்தது என்ற கேள்வியை வீட்டிலுள்ளவர்களே கேட்டு, வீட்டிலுள்ளவர்களே விடை காணவேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை எவ்வாறு போடுவது என்பதே இன்றைய பேச்சின் விஷயம்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். பிள்ளை இணைந்த கணிதம் படிக்கிறது. வவுனியாவில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. மாதத்துக்கு நான்கு வகுப்பு என்பது பேச்சு. மாதக் கட்டணம் 2,000 ரூபாய். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதக் கணக்கைப் பார்க்கப் போகிறோம்.

முதலிலே பற்றுச்சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினால், ஆறு மாதத்துக்கு ஐந்து சீட்டுகளே அகப்படுகின்றன. ஒரு மாதம் கட்டாமல் விடப்பட்டது போலும் என்று அவசரப்பட்டு முடிவு செய்பவர் இங்கேயே வழி தவறிவிடுவார். ஏப்ரலிலே எழுதப்பட்ட சீட்டு ஒன்றில் தொகை 4,000 என்று இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் மார்ச், ஏப்ரல் என்று இரண்டு மாதத்தின் பெயரும் காணப்படுகின்றன. நெல்லு விற்ற காசு கைக்கு வரும்வரை மார்ச் மாதக் கட்டணம் நிலுவையாக நின்றிருக்கிறது. ஆகவே சீட்டின் தலையிலுள்ள திகதியை நம்பாமல், அந்தப் பணம் எந்த மாதத்துக்குரியது என்று பார்த்து அந்த மாதத்தின் கீழேயே எழுதவேண்டும். இப்படி எழுதினால் மாதக் கட்டணம் 12,000. அதனோடு, சேர்ந்த அன்று கட்டிய அனுமதிப் பணம் 500. இவையன்றி, ரியூட் என்று சொல்லப்படும் அச்சிட்ட குறிப்புகளுக்காக மாதம் 250 வீதம் பிள்ளையின் கையிலே கொடுத்தனுப்பிய 1,500 ரூபாய்க்குச் சீட்டே கிடையாது. சீட்டில்லாத காசும் காசுதானே, ஆதலால் அதையும் பக்கத்தில் ஓர் அடையாளமிட்டு எழுதிக்கொள்கிறோம். ஆக மொத்தம் 14,000 ரூபாய்.

பணத்தின் கணக்கு இவ்வளவில் முடிகிறது. வரவின் கணக்கோ அத்தனை எளிதன்று. பள்ளிக்கூடத்திலே வரவுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ரியூசனிலே அது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது. பிள்ளையின் சட்டைப் பையிலிருக்கும் வகுப்பு அட்டையைப் பலர் வரவுக்குச் சாட்சியாக எண்ணுகிறார்கள். அந்த அட்டையிலே விழுகின்ற முத்திரை பெரும்பாலும் அந்த மாதக் காசு கட்டியதைத்தான் சொல்லும், வந்ததைச் சொல்லாது. அதைவிட நம்பத்தக்க சாட்சி பிள்ளையின் கொப்பி. ஒவ்வொரு நாளும் பாடத்தின் தலைப்புக்கு மேலே பிள்ளைகள் திகதி எழுதுவது வழக்கமாதலால், திகதிகளை வரிசையாக எடுத்தெழுதினால் வரவு தானாக வெளிப்படும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வராத நாளின் பாடத்தை நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதுகின்ற நல்ல பிள்ளை, நண்பன் இட்ட திகதியையும் கூடவே எழுதிவிடும். அதனால் சந்தேகமான நாட்களில், அன்று பஸ்ஸுக்குக் காசு கொடுத்தோமா என்று வீட்டுச் செலவுக் கொப்பியைப் பார்த்து ஒத்துக்கொள்ளவேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், அதட்டாமல் பிள்ளையையே கேட்டுவிடலாம்.

இப்பொழுது ஒரு தாளிலே மாதத்துக்கு ஒரு வரியாக, பேசிய வகுப்பு, நடந்த வகுப்பு, போன வகுப்பு என்று மூன்று நிரலை இடுகிறோம். நம்முடைய உதாரணத்தில் பேசியது இருபத்து நான்கு, நடந்தது இருபது, பிள்ளை போனது பதினான்கு. நடக்காத நான்கில் இரண்டு ஏப்ரலுக்குரியவை: ஒன்று புதுவருடத்தோடும், மற்றொன்று போயா விடுமுறையோடும் போயிற்று. மற்ற இரண்டும் மே மாதத்திலும் ஜூனிலும் ஆசிரியர் வராமையால் நின்றவை. நடந்தும் பிள்ளை போகாத ஆறில், ஒன்று பெப்ரவரியிலே காலபோக அறுவடைக்காக வீட்டில் நின்றது. ஒன்று மார்ச்சிலே காய்ச்சலில் படுத்தது. ஏப்ரலில் நடந்த இரண்டும் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டிலே கழிந்தன. மிஞ்சியவை இரண்டும் மே, ஜூன் மாதங்களிலே தவறிய வேறு இரண்டு சனிக்கிழமைகளுக்கு ஈடாக ஆசிரியர் வைத்த வகுப்புகள். மே மாதத்து ஈட்டு வகுப்பு, வற்றாப்பளை அம்மன் பொங்கல் நடக்கும் வைகாசித் திங்கட்கிழமையில் வைக்கப்பட்டது. அன்று இந்தப் பக்கத்துப் பிள்ளை வகுப்புக்கு வரும் என்று எதிர்பார்ப்பதே வீண். ஜூன் மாதத்து ஈட்டு வகுப்போ வேலைநாளின் மாலையிலே வைக்கப்பட்டது. முடிந்து வெளியே வருகிற வேளையில் கனகராயன்குளத்துக்குத் திரும்ப பஸ் இல்லை.

பதினான்காயிரத்தை இந்த மூன்று எண்ணாலும் தனித்தனியே வகுத்தால் மூன்று விலை கிடைக்கும். இருபத்து நான்கால் வகுக்க 583 ரூபாய். இது பேசிய விலை. இருபதால் வகுக்க 700. இது நடந்த விலை. பதினான்கால் வகுக்க 1,000. இதுவே நாம் உண்மையில் கொடுத்த விலை. கடைசி எண்ணை மட்டும் கண்டு வாத்தியார் கொள்ளையடிக்கிறார் என்று குற்றஞ்சாட்டுகிறவரும், முதல் எண்ணை மட்டும் சொல்லி எவ்வளவு மலிவு என்று பெருமைப்படுகிறவரும் ஒரே பிழையின் இரண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். 583க்கும் 700க்கும் இடையிலுள்ள 117 ரூபாய் வகுப்பு நடத்துபவரிடம் கேட்கவேண்டிய விஷயம். 700க்கும் 1,000க்கும் இடையிலுள்ள 300 ரூபாய் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே பேசவேண்டிய விஷயம். பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் அந்த ஈட்டு வகுப்புகள். கணக்குப்படி அவை நடந்தவையே. நகரத்துப் பிள்ளைகள் போய்ப் பயன்பெற்றிருப்பார்கள். ஆனால் தூரத்துப் பிள்ளை வரமுடியாத வேளையிலே வைத்த வகுப்பை நடந்த நிரலில் எழுதும்போது பக்கத்திலே ‘வண்டி இல்லை’ என்று காரணத்தையும் எழுதி வைத்தால்தான், பின்னர் ஆசிரியரிடம் பேசும்போது வார்த்தைக்கு ஆதாரம் இருக்கும். அடுத்த ஈட்டு வகுப்பைச் சனிக்கிழமை வகுப்போடு ஒரு மணித்தியாலம் சேர்த்து வைக்க இயலுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

மாதத்துக்கு மாதம் தனியாக விலை கண்டு, பின்பு அவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் பலர். இதிலே மறைவான பிசகு ஒன்று உண்டு. அனுமதிப் பணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டால், குறிப்புக் காசோடு மாதத்துக்கு 2,250 ரூபாய். ஜனவரியில் நான்கு வகுப்புக்கும் போனதால் விலை சுமார் 562. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் மும்மூன்று வகுப்பு, ஆகவே 750. மேயிலும் ஜூனிலும் இவ்விரண்டு வகுப்பு, ஆகவே 1,125. ஏப்ரலிலோ போன வகுப்பு பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாதாகையால் அந்த மாதத்தை விட்டுவிட்டு மற்ற ஐந்தின் சராசரியை எடுக்கிறார்கள். 862 ரூபாய் வருகிறது. ஆனால் ஏப்ரலின் 2,250 ரூபாய் சட்டைப் பைக்குத் திரும்பி வரவில்லையே! மொத்தம் 13,500ஐ மொத்தமாகப் போன பதினான்கு வகுப்பால் வகுத்தால் 964 வருகிறது. நூறு ரூபாய் வித்தியாசம், மிக மோசமான மாதத்தையே கணக்கிலிருந்து தள்ளியதனால் வந்தது. பணம் முழுவதையும் கூட்டி, வகுப்பு முழுவதையும் கூட்டி, ஒரே ஒரு முறை வகுப்பதே முறை.

இதே பிசகு பரீட்சைக் காலத்தில் இன்னொரு வடிவில் வரும். உயர்தரப் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து தனியார் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்வது வழமை. அந்த மாதத்துக்கு முழுக் கட்டணமும் கட்டியிருந்தால், நடக்காத வகுப்புகளுக்கு யாரும் குற்றவாளியல்லர். என்றாலும் பணம் தொகையிலே நிற்கவேண்டும். தடை வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதத்தில் அரைக் கட்டணம் போதுமா என்று, காசு கட்டுவதற்கு முன்னரே பேசிக்கொள்ளலாம்.

பஸ் கட்டணத்தை இதுவரை தொடவில்லை. அது வேறு தன்மையுடைய செலவு. போய்வர 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பதினான்கு நாளுக்கு 4,200. வகுப்பில்லை என்று அங்கே போய் அறிந்து வெறுங்கையோடு திரும்பிய இரண்டு சனிக்கிழமைக்கு 600. எல்லாம் சேர்த்து மொத்தம் 18,800. பதினான்கால் வகுக்க, வகுப்பொன்றுக்கு 1,343 ரூபாய். வீண் பயணமான அந்த 600ஐயும் போன வகுப்புகளின் தலையிலேதான் ஏற்றவேண்டும். வேறு எங்கே ஏற்றுவது? முதல் நாள் இரவு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் மிச்சப்பட்டிருக்கக்கூடிய தொகை அது.

இந்த 1,343 என்ற எண், ஆறு மாதத்தைத் திரும்பிப் பார்க்கவும், வேறொரு வகுப்போடு ஒப்பிடவும் உதவும். ஒப்பிடும்போது வகுப்பின் நீளம் வேறுபட்டால், மணித்தியாலத்துக்கு என்று மாற்றிக்கொள்ளவேண்டும். மூன்று மணித்தியால வகுப்பு 1,343 ரூபாய் என்றால் மணிக்கு சுமார் 448. இதையே உள்ளூரில் சைக்கிளிலே போய்வரக்கூடிய ஒன்றரை மணித்தியாலக் குழு வகுப்பின் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். எந்த வகுப்பிலே பிள்ளைக்குத் தொகையீடு நன்றாக விளங்கிற்று என்பதைப் பற்றுச்சீட்டு சொல்லாது. அதற்குத் தவணைப் பரீட்சையின் விடைத்தாளைப் பார்க்கவேண்டும்.

ஆனால் வருகிற சனிக்கிழமை போவதா நிற்பதா என்ற கேள்விக்கு இந்த எண்ணைக் கொண்டு விடை சொல்லப் புகுந்தால் தவறிவிடுவோம். ஒரு வகுப்புக்கு 1,343 ரூபாயா, அவ்வளவு கொடுத்துப் போகத்தான் வேண்டுமா என்று தகப்பனார் கேட்டால், அந்த மாதக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, போகாமல் நின்றால் அதில் ஒரு சதமும் திரும்பப் போவதில்லை என்று தாயார் பதில் சொல்லலாம். மாதத்தின் நடுவிலே அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் புதிதாகக் கொடுக்கவேண்டியது பஸ் காசு 300 மாத்திரமே. கட்டணம் உட்பட முழு விலையையும் நிறுத்துப் பார்க்கவேண்டிய வேளை, அடுத்த மாதக் காசைக் கட்டுவதற்கு முந்திய நாள்.