மேற்கு ஜன்னலுக்கு எந்தத் துணி?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு ஜன்னலைப் பத்தினது. வேளச்சேரியில ரெண்டாவது மாடி, வாடகை வீடு, மேற்கு பார்த்த படுக்கையறை. அங்க இருக்கிறது என் சித்தி பொண்ணு. நர்ஸா வேலை பாக்குறா, மாசத்துல பாதி நாள் நைட் டியூட்டி. காலையில ஒன்பது மணிக்குப் படுத்தா, மூணு மணிக்கு வெயில் வந்து எழுப்பி விட்டுடும். "அண்ணா, நல்ல திரையா ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டா. அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போறேன்.

முதல்ல, மேற்கு ஜன்னலுக்கு ஏன் தனிக் கவனம் வேணும்? உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேல இருக்கிற சன்ஷேட் தடுத்துடும். ஆனா சாயங்கால வெயில் தாழ்வா, நேரா கண்ணாடி வழியா உள்ள வரும். சன்ஷேட் அதுக்கு உதவாது. அதனால முழு வேலையும் துணி மேல விழுது.

அவ ஏற்கெனவே ஒரு திரை போட்டிருந்தா. அடர் மெரூன் கலர், பின்னாடி பூச்சு பூசின பிளாக்அவுட் துணி. அறை நல்லா இருட்டாச்சு. ஆனா சூடு குறையல. ஒரு வருஷத்துக்குள்ள, வாஷிங் மெஷின்ல நாலஞ்சு தடவை போட்டதுல, பூச்சு வெடிச்சு உதிர ஆரம்பிச்சுது. பகல்ல பார்த்தா திரை முழுக்க நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்ன ஒளிப்புள்ளி.

இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. இருட்டு வேற, குளிர்ச்சி வேற. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துட்டா, அடர் நிறத் துணி அதை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு திரும்பக் கண்ணாடி வழியா வெளிய போகாது, அறைக்குள்ளதான் பரவும். வெள்ளைத் துணியா இருந்தா, வந்த ஒளியில ஒரு பெரிய பங்கை ஒளியாவே கண்ணாடி வழியா வெளிய திருப்பி அனுப்பிடும். அதனால சூட்டுக்குப் பருத்தியா பாலியஸ்டரான்னு கேக்குறதை விட, கண்ணாடியைப் பார்த்த பக்கம் என்ன நிறம்னு கேக்கணும். நடுத்தர நிறத் திரைக்குப் பின்னாடி வெள்ளை பிளாஸ்டிக் பூச்சு இருந்தா, உள்ள வர்ற வெப்பம் 33 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. மூணுல ஒரு பங்கு. ஏசி ஆகிடாது, ஆனா தூங்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இப்ப துணிக்கு வருவோம்.

பருத்தி பார்க்க அழகு, மடிப்பு மென்மையா விழும், துவைச்சா அழுக்கு சுலபமா போகும். ஆனா வெயில் அதோட சாயத்தைத் தின்னுடும். எப்படித் தெரியும்னா, கோடு கோடா வெளுக்கும். மடிப்புல கண்ணாடியைப் பார்த்து முட்டிட்டு நிக்கிற பகுதி வெளுத்துப் போகும், உள்ள மறைஞ்ச பகுதி பழைய நிறத்துலயே இருக்கும். சில வருஷத்துல அதே கோட்டுல துணி இத்துப் போய்க் கிழியும். இன்னொண்ணு, முதல் துவையல்ல பருத்தி சுருங்கும். நூத்துக்கு மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் போறது சாதாரணம்.

பாலியஸ்டர்ல சாயம் இழைக்குள்ளயே இறங்கியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னாடி தொங்குறப்போ, பொதுவா பருத்தியை விட நிறம் அதிக நாள் நிக்கும். சுருங்காது, சீக்கிரம் காயும். ஆனா வெந்நீர்ல துவைச்சு முறுக்கிப் பிழிஞ்சா விழுற சுருக்கம் லேசுல போகாது. குளிர்ந்த தண்ணி, இஸ்திரி போட்டா குறைஞ்ச சூடு.

பிளாக்அவுட்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நெய்யும்போதே நடுவுல கறுப்பு நூல் வெச்சது. மெஷின்ல துவைக்கலாம், ஆனா முழு இருட்டு வராது, மங்கலாத்தான் இருக்கும். இன்னொண்ணு, வெள்ளை, கறுப்பு, வெள்ளைன்னு அடுக்கடுக்காப் பூச்சு பூசினது. முழு இருட்டு தரும். ஆனா மெஷின், வெந்நீர், பிளீச், முறுக்கிப் பிழியுறது, பூச்சு மேல இஸ்திரி எதுவுமே ஆகாது. கடையில போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னாடி வெச்சுப் பாருங்க, எந்த வகைன்னு உடனே தெரிஞ்சிடும்.

நம்ம ஆளுக்கு முழு இருட்டு வேணும். ரோட்டுத் தூசி வர்றதால அடிக்கடி துவைக்கவும் வேணும். இது ரெண்டும் ஒரே துணியில கிடைக்காது. அதனால ரெண்டாப் பிரிச்சோம். ரெட்டைக் கம்பி. அறைப் பக்கம் அவளுக்குப் பிடிச்ச பருத்தித் திரை. கண்ணாடிப் பக்கம் தனிக் கம்பியில வெள்ளைப் பூச்சு லைனிங்.

ரெண்டையும் சேர்த்துத் தைக்கக் கூடாதான்னு டெய்லர் கேட்டார். தைச்சா, பருத்தி சுருங்கும், லைனிங் சுருங்காது. முதல் துவையலுக்கு அப்புறம் திரை முழுக்க அப்பளம் மாதிரி உப்பிட்டு நிக்கும். தனியா இருந்தா பருத்தியை மாசாமாசம் மெஷின்ல போடலாம். லைனிங்கை ஈரத்துணியால துடைச்சு, வருஷத்துக்கு ரெண்டு தடவை கையால அலசி, பிழியாம அப்படியே கொடியில போட்டாப் போதும். வெயிலையும் லைனிங்கே வாங்கிக்கிறதால பருத்தி நிறமும் தப்பிச்சிடும்.

கணக்கைப் பார்ப்போம். ஜன்னல் அகலம் 5 அடி, உயரம் 4 அடி. பக்கத்துல ஒளி கசியாம இருக்க ரெண்டு பக்கமும் அரை அடி விட்டு, கம்பி 6 அடி. மேல அரை அடி, கீழ ஒரு அடி சேர்த்தா திரை உயரம் 66 அங்குலம். மேல் மடிப்பு, கீழ் மடிப்புக்கு 8 அங்குலம், ஆக 74. பருத்தி சுருங்குறதுக்கு 4 கூட்டினா 78 அங்குலம், கிட்டத்தட்ட 2 மீட்டர். மடிப்பு நல்லா விழ, கம்பியைப் போல ரெண்டு மடங்கு அகலம் வேணும், அதாவது 144 அங்குலம். கடையில துணி 48 அங்குல அகலம்னா மூணு துண்டு. மூணு ரெண்டு ஆறு மீட்டர். லைனிங்குக்கு ஒண்ணரை மடங்கு போதும், 108 அங்குலம். அது 54 அங்குல அகலத்துல கிடைச்சுது, ரெண்டு துண்டு, மொத்தம் 4 மீட்டருக்குள்ள முடிஞ்சிடுச்சு.

தைக்கக் குடுக்கிறதுக்கு முன்னாடி பருத்தியை ஒருதடவை துவைச்சுக் காய வெச்சிடுங்க. எவ்வளவு சுருங்கும்னு முன்கூட்டியே பார்க்கணுமா? கடையில மாதிரித் துணி வாங்கி, 50 சென்டிமீட்டர்ல ஒரு சதுரம் வரைஞ்சு, துவைச்சு, திரும்ப அளந்து பாருங்க. 48 ஆயிருந்தா நூத்துக்கு நாலு. நிறத்துக்கும் சோதனை இருக்கு. ஒரு துண்டோட பாதியை அட்டையால மூடி, ஜன்னல் கண்ணாடியில உள்பக்கமா ஒட்டி ஒரு மாசம் விடுங்க. அட்டையை எடுத்ததும் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சா, அந்த நிறம் மேற்கு ஜன்னலுக்கு ஆகாது.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சூடாகிற காத்து மேல ஏறி, கம்பிக்கு மேல இருக்கிற இடைவெளி வழியா அறைக்குள்ள வரத்தான் செய்யும். கம்பியைச் சுவரை ஒட்டிப் போட்டா கொஞ்சம் குறையும். நிஜமாவே சூட்டை நிறுத்தணும்னா வெயிலைக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தணும். பால்கனி இருந்தா ஒரு மூங்கில் தட்டி கட்டுங்க, எந்த லைனிங்கையும் விட அது அதிகம் செய்யும். இவளுக்குப் பால்கனி இல்ல, அதனால துணியோட நிறுத்திக்கிட்டோம். இப்ப அஞ்சு மணி வரைக்கும் தூங்குறா. பூச்சு லைனிங் சில வருஷத்துல போகத்தான் போகும். அப்ப அந்த 4 மீட்டரை மட்டும் மாத்தினாப் போதும்.

உங்க ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு, என்ன துணி போட்டிருக்கீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.